அனுசரணைப் பட்டியல் செய்தியைத் திருத்த உதவி வேணும்: எந்தத் தொகைக்கு என்ன கிடைக்கும் எண்டு கடைக்காரருக்கு விளங்கேல்லை

கோண்டாவிலான்

எல்லாருக்கும் வணக்கம். எங்கட சனசமூக நிலையம் மார்ச் 28, 29 சனி ஞாயிறு மின்னொளியில் கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டி நடத்துது. அனுசரணை சேர்க்கிற பொறுப்பு என்னட்டத் தந்திருக்கினம். நேரில போய்க் கதைச்ச கடைகளுக்கு வட்ஸ்அப்பில கீழ இருக்கிற செய்தியை அனுப்பினம்.

> மதிப்பிற்குரிய அனுசரணையாளர் அவர்களுக்கு, எமது நிலையம் பெருமையுடன் நடாத்தும் மாபெரும் கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டிக்குத் தாங்கள் வழங்கும் பேராதரவுக்கு எமது மனமார்ந்த நன்றிகள். கீழ்க்காணும் அனுசரணைகளில் ஒன்றுக்கான கொடுப்பனவை விரைவில் செலுத்துமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.
> வைரம் ரூ. 100,000 – உயர் விளம்பர அந்தஸ்து, மேடைக் கௌரவம், பதாகை, அறிவிப்பு, இலச்சினை
> தங்கம் ரூ. 50,000 – விளம்பர அந்தஸ்து, பதாகை, அறிவிப்பு, இலச்சினை
> வெள்ளி ரூ. 20,000 – பதாகை, அறிவிப்பு
> தங்கள் கொடுப்பனவை எமது வங்கிக் கணக்கில் வைப்பிலிடவும். நன்றி.

இதுக்குப் பிறகு நடந்தது மூண்டு. ஒரு மருந்துக்கடை 20,000 போட்டுட்டு, மேடையில தங்கட பெயர் எந்தப் பக்கம் வரும் எண்டு கேக்குது. ஒரு டயர் கடை முதலாளி 50,000 தாறன் எண்டு வாயால சொன்னவர், செய்தியைப் பாத்திட்டு "ரெண்டுக்கும் பதாகைதானே" எண்டு 20,000 போட்டிட்டார். மூண்டாவது, கணக்கில ஒரு 30,000 வந்து கிடக்குது. ஆர் போட்டது எண்டும் தெரியாது, எந்த அனுசரணைக்கு எண்டும் தெரியாது.

இன்னும் 11 கடைக்கு அனுப்ப இருக்கு. அனுப்ப முதல் இதை எப்பிடித் திருத்தலாம் எண்டு சொல்லுங்கோ.

சந்தையடி

தம்பி, கடைக்காரர் இப்ப காசு குடுக்கிற நிலையில இல்லை. போன வருசமும் எங்கட பக்கம் நாலு கழகம் வந்து கேட்டது. பணிவாக் கேட்டா கொஞ்சம் கூடத் தருவினம். "தயவுகூர்ந்து", "தங்கள் பொன்னான ஆதரவு" எண்டு இன்னும் ரெண்டு வரி சேத்துப் பாருங்கோ.

கோண்டாவிலான்

அண்ணை, தர மாட்டம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. குடுத்தவைக்கே என்ன வாங்கினம் எண்டு தெரியாமல் இருக்கு. அதுதான் பிரச்சினை.

பேரேடு

தம்பி, நான் யாழ்ப்பாண நகரில் ஒரு நிறுவனத்தில் வரவேண்டிய காசைப் பின்தொடர்கிற வேலை செய்கிறேன். எங்கள் கோயிலடி விழாக்களுக்கும் இந்தக் கணக்கைப் பார்த்திருக்கிறேன். வார்த்தையைத் திருத்த முன்னர் ஒன்றைப் பாருங்கள்: இந்தச் செய்தி ஒரே தாளில் இரண்டு வேலையைச் செய்யப் பார்க்கிறது. "மூன்றில் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள்" என்பது வேண்டுகோள். "இவ்வளவு காசு கட்டுங்கள்" என்பது பட்டியல். கட்ட வேண்டிய தொகை ஒன்றாக இல்லாத தாளைப் பட்டியல் என்று எந்தக் காசாளரும் எடுக்க மாட்டார். அதனால்தான் டயர் கடைக்காரர் வாயால் சொன்னதை விட்டுவிட்டுத் தாளில் இருந்த மிகக் குறைந்த தொகையைக் கட்டினார். தாள் அவருக்கு அந்த உரிமையைக் கொடுத்தது. அவரில் பிழை இல்லை.

ஆகவே இரண்டாகப் பிரியுங்கள். முதலாவது, தெரிவுச் செய்தி. அதில் மூன்று தொகையும் வரும். ஒன்றுக்கும் மற்றதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் தெரிந்தால் போதும். அவர் பதில் போட்ட பிறகு இரண்டாவது, பட்டியல். அதில் அவர் எடுத்த ஒரு தொகை, அதற்கு அவருக்குக் கிடைப்பது முழுவதும், கடைசித் திகதி. மற்ற இரண்டு தொகைகளும் அதில் மருந்துக்கும் இருக்கக்கூடாது.

அடுத்தது, "உயர் விளம்பர அந்தஸ்து" என்றால் என்ன? உங்கள் குழுவுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். மைதானத்தில் உண்மையாக என்ன கொடுக்கிறீர்கள் என்று இங்கே எழுதுங்கள். எத்தனை பதாகை, என்ன அளவு, எந்தப் பக்கம், அறிவிப்பாளர் எத்தனை தடவை சொல்வார்? அது தெரியாமல் நான் எழுதித் தந்தாலும் அது வெறும் அழகுதான்.

இரும்புக்கடை

நான் கொக்குவில் பக்கம் கடை வச்சிருக்கிறன். எனக்கு உப்பிடிச் செய்தி எத்தினையோ வரும். உண்மையைச் சொல்லுறன், மேல இருக்கிற நன்றியும் வணக்கமும் நான் வாசிக்கிறதில்லை. கைபேசியில பாக்கேக்க நீளமான செய்தி பாதியில மடிஞ்சு நிக்கும். மிச்சத்தைத் திறந்து பாக்க நேரம் இருக்காது, கடையில ஆள் நிக்கும். நான் தேடுறது மூண்டுதான்: எவ்வளவு, எப்பக்குள்ள, என்ர பெயர் எங்க வரும். "எங்க" எண்டதுக்குப் பதில் இல்லாட்டி நானும் 20,000தான் போடுவன். எங்க தொங்குது எண்டு தெரியாத பதாகைக்கு ஏன் கூடக் குடுக்கவேணும்?

இன்னொண்டு. ரெண்டு வருசம் முதல் ஒரு விழாவுக்குக் குடுத்தன். போய்ப் பாத்தா என்ர பதாகை சைக்கிள் நிப்பாட்டுற இடத்துக்குப் பின்னால, மதிலில. அண்டைக்கு இருந்து இடம் கேக்காமல் குடுக்கிறதில்லை.

அச்சு மை

நெல்லியடியில அச்சகத்தில வேலை செய்யிறன். இதுக்கு நல்ல வழி அட்டவணைதான். இடப்பக்கம் பதாகை, அறிவிப்பு, இலச்சினை, மேடை எண்டு வரிசையா எழுதி, மேல வைரம், தங்கம், வெள்ளி எண்டு போட்டு, உள்ளதுக்குச் சரி அடையாளம், இல்லாததுக்கு வெறுமை. ஒரு பார்வையில விளங்கும். பெரிய நிறுவனங்கள் எல்லாம் உப்பிடித்தான் அனுப்பினம். படமாச் செய்து அனுப்புங்கோ.

பேரேடு

அச்சு மை சொல்வது ஏ4 தாளில் அச்சடித்து நேரில் கொடுக்க நல்லது. அதை மறுக்கவில்லை. ஆனால் இந்தச் செய்தியின் நோய் அட்டவணை இல்லாதது அல்ல. இப்போதிருப்பதையே அட்டவணையாக்கிப் பாருங்கள். "பதாகை" வரிசையில் மூன்று பெட்டியிலும் சரி அடையாளம் வரும். "அறிவிப்பு" வரிசையிலும் மூன்றிலும் வரும். டயர் கடைக்காரர் சொன்ன "ரெண்டுக்கும் பதாகைதானே" என்பதை அட்டவணை இன்னும் உரத்துச் சொல்லும். சரி அடையாளம் உண்டா இல்லையா என்பதைத்தான் காட்டும்; எவ்வளவு, எங்கே என்பதைக் காட்டாது. பெட்டிக்குள் அடையாளத்துக்குப் பதிலாக "10×4 அடி, கமராவுக்கு எதிர்ப்பக்கம்" என்று எழுதினால் அட்டவணை வேலை செய்யும். ஆனால் அந்த எழுத்து கைபேசியில் படமாக வந்தால் விரலால் பெருப்பித்துத்தான் வாசிக்க வேண்டும்.

அச்சு மை

பெட்டிக்குள்ள அளவு எழுதுறது எண்டது சரி அக்கா. அதை நான் யோசிக்கேல்லை. கடையில சுவரில ஒட்டி வைக்கிற தாளுக்கு மட்டும் அட்டவணை எண்டு வைப்பம்.

கோண்டாவிலான்

குழுவில இருந்து கதைச்சனாங்கள். இதுதான் எங்களால ஏலும்:

மேடைப் பின்திரை ஒண்டு, 20 அடி அகலம். மைதானத்தைச் சுத்திப் பதாகை கட்டலாம். அறிவிப்பாளர் ரெண்டு நாளும் இருப்பார். முகநூல் நேரலைக்கு ஒரு கமரா, அது புள்ளி எழுதுறவையின்ர மேசைப் பக்கம் உயரத்தில நிக்கும். பரிசளிப்பு ஞாயிறு இரவு. எத்தினை பதாகை எண்டு இன்னும் கணக்குப் பாக்கேல்லை. வாற அளவுக்குக் கட்டலாம் எண்டு இருக்கிறம்.

பேரேடு

"வாற அளவுக்கு" என்ற இடத்தில்தான் பிறகு சண்டை வரும். இடத்தை முதலில் எண்ணுவோம். கரப்பந்துக் களம் 18 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம். சுற்றிவர ஆகக் குறைந்தது 3 மீற்றர் வெற்றிடம் விட வேண்டும். ஆக, வெளி எல்லை 24 க்கு 15 மீற்றர். அடியில் சொன்னால் நெடும்பக்கம் ஏறக்குறைய 78 அடி, குறும்பக்கம் 49 அடி.

கமரா புள்ளி மேசைப் பக்கம் நின்றால், அது பார்ப்பது எதிர் நெடும்பக்கத்தை. நேரலையில் எந்நேரமும் தெரிவது அந்த ஒரு பக்கம்தான். அதன் நடுவில் முதல் நடுவரின் ஏணி நிற்கும். அதற்கு ஒரு 8 அடி விட்டுவிடுங்கள். மிச்சம் 70 அடி, நடுவருக்கு இடப்பக்கம் 35, வலப்பக்கம் 35. 10 அடிப் பதாகை பக்கத்துக்கு மூன்று. ஆகவே தங்கத்துக்கு ஆறு இடம்தான் உண்டு. ஏழாவது ஆளிடம் காசு வாங்கினால் அவரைக் கமராவின் முதுகுப்பக்கம்தான் கட்டுவீர்கள். அது தங்கம் இல்லை.

இரண்டு குறும்பக்கமும் வெள்ளிக்கு. 6×3 அடிப் பதாகை பக்கத்துக்கு ஏழு கட்டினால் 42 அடி. மொத்தம் 14. சேர்வ் போடுகிறவருக்குப் பின்னால் வரும், சனம் இருந்து பார்க்கிற பக்கத்துக்கு நன்றாகத் தெரியும். நேரலையில் ஓரமாகத்தான் தெரியும். அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

வைரம் ஒன்று. மேடைப் பின்திரையின் மேல்பகுதி முழு அகலமும் அவருக்கு. வெற்றிக் கிண்ணத்தை அவர் கையால் கொடுப்பார். இது ஒருவருக்கு மேல் விற்க முடியாத பொருள். இப்போது பாருங்கள், 20,000, 50,000, 100,000 என்ற வித்தியாசத்துக்குக் காரணம் தானாகவே வந்துவிட்டது. வெள்ளியில் 14 பேரில் ஒருவர், தங்கத்தில் ஆறு பேரில் ஒருவர், வைரத்தில் தனி ஆள். "அந்தஸ்து" என்ற சொல்லே தேவையில்லை.

இரும்புக்கடை

நேரலையில தெரியிற பக்கம் எண்டு ஒருத்தரும் எனக்கு இதுவரை சொன்னதில்லை. கனடாவில இருக்கிற என்ர தம்பி நேரலையிலதான் பாப்பான். அது தெரிஞ்சிருந்தா எனக்கு 50,000க்கு ஒரு நியாயம் இருக்கு.

ஸ்காபரோவில் இருந்து

தம்பி, நான் கோண்டாவில்தான், இப்ப 20 வருசத்துக்கு மேல இஞ்ச. எங்கட அப்பா அந்த நிலையத்தில வாசிச்சு வளந்தவர். அவற்ற நினைவா ஒரு தொகை அனுப்ப நினைக்கிறன். எனக்குக் கடை இல்லை, இலச்சினை இல்லை. வெள்ளியோ தங்கமோ எண்டு கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது? போன முறை வேற ஒரு விழாவுக்கு அனுப்பினபோது, பதாகையில "விளம்பர அனுசரணை" எண்டு அப்பாவின்ர பெயரைப் போட்டு வச்சினம். அம்மாவுக்கு மனம் நொந்து போச்சு.

பேரேடு

ஐயா, உங்கள் பணத்துக்கு இந்த மூன்றில் ஒன்றும் பொருந்தாது. தம்பி, நினைவாகத் தருபவர்களுக்குத் தனிச் செய்தி வையுங்கள். அதில் பதாகை அளவு வரவே கூடாது. "ஞாயிறு பரிசளிப்பில் சிறந்த வீரருக்கான கிண்ணம் இன்னாரின் நினைவாக வழங்கப்படும், கிண்ணத்தில் பெயர் பொறிக்கப்படும், பெயரை எப்படி எழுத வேண்டும் என்று எழுத்தில் அனுப்புங்கள்" என்று இருந்தால் போதும். பெயருக்கு முன்னால் அமரர் என்று போடுவதா, தலைப்பெழுத்து என்ன, ஊர் போடுவதா என்பதெல்லாம் அவர் கையால் எழுதி வரவேண்டும். அறிவிப்பாளரின் பட்டியலில் கடைகளோடு சேர்க்காமல் தனியாக எழுதிக் கொடுங்கள்.

ஸ்காபரோவில் இருந்து

மிக்க நன்றி பிள்ளை. அதுதான் எனக்கு வேணும்.

கோண்டாவிலான்

அக்கா சொன்னதை வச்சு ரெண்டு செய்தியும் எழுதினன். பாருங்கோ. முதலாவது, தெரிவுச் செய்தி:

> வணக்கம் ஐயா. மார்ச் 28, 29 கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டிக்கு அனுசரணை பற்றிக் கடையில் கதைத்தோம். மூன்று வகை உண்டு. விருப்பமான எண்ணை மட்டும் பதிலாக அனுப்புங்கள்.
> 1. ரூ. 20,000 – 6×3 அடிப் பதாகை, களத்தின் குறும்பக்கம். நாளுக்கு ஒரு தடவை அறிவிப்பு. 14 இடம்.
> 2. ரூ. 50,000 – 10×4 அடிப் பதாகை, நேரலைக் கமராவுக்கு நேர் எதிர்ப்பக்கம். ஒவ்வொரு ஆட்டத்தின் தொடக்கத்திலும் அறிவிப்பு. 6 இடம், 4 மீதி.
> 3. ரூ. 100,000 – மேடைப் பின்திரையின் மேல்பகுதி முழுவதும் உங்கள் பெயர். ஒவ்வொரு செற் இடைவேளையிலும் அறிவிப்பு. வெற்றிக் கிண்ணம் உங்கள் கையால். ஒருவருக்கு மட்டும்.
> பதில் கிடைத்ததும் பட்டியல் அனுப்புவோம். அதுவரை காசு போட வேண்டாம்.

ரெண்டாவது, 2 எண்டு பதில் போட்டவருக்குப் பட்டியல்:

> பட்டியல் இல. 07
> கட்ட வேண்டியது: ரூ. 50,000
> கடைசித் திகதி: மார்ச் 16 திங்கள்
> உங்களுக்குக் கிடைப்பது: 10×4 அடிப் பதாகை ஒன்று, கமராவுக்கு எதிர்ப்பக்கம், நடுவர் ஏணிக்கு வலப்பக்கம் இரண்டாவது இடம், இரண்டு நாளும். பதாகை அடிப்பது, கட்டுவது எங்கள் செலவு. ஒவ்வொரு ஆட்டத்தின் தொடக்கத்திலும் உங்கள் கடைப் பெயரும் ஊரும் அறிவிக்கப்படும்.
> இதில் சேராதது: மேடைப் பின்திரையில் பெயர், பரிசு வழங்கல்.
> நீங்கள் தரவேண்டியது: பெயரும் இலச்சினையும், மார்ச் 16க்குள்.
> வங்கியில் போடும்போது குறிப்பில் 07 என்று எழுதுங்கள்.

தலைவர் "சேராதது" எண்ட வரியை எடுக்கச் சொல்லுறார். இல்லை எண்டு சொல்லிக் காசு கேக்கிறது மரியாதை இல்லையாம்.

பேரேடு

அந்த வரியை எடுக்காதீர்கள் தம்பி. மருந்துக்கடைக்காரர் மேடையில் பெயர் கேட்டதற்குக் காரணமே அந்த வரி இல்லாததுதான். எல்லா விழாவிலும் மேடையில் பெயர் போட்டுப் பழகிய ஊர் இது. சொல்லாவிட்டால் உண்டு என்றுதான் எடுப்பார்கள். தலைவருக்கு மனம் ஒப்பாவிட்டால் "மேடைப் பின்திரையும் பரிசளிப்பும் 100,000 அனுசரணைக்கு மட்டும் உரியவை" என்று மாற்றி எழுதுங்கள். பொருள் அதேதான், ஆனால் மறுப்பாக ஒலிக்காது.

பதாகை அடிக்கிற செலவு யாருடையது என்று நீங்களே எழுதியது மிக நல்லது. விழா முடிந்து கணக்குப் பார்க்கும்போது அதில்தான் மனஸ்தாபம் வருகிறது.

ஒன்று சேருங்கள். காசு கட்டும் திகதிக்கும் அச்சுக்குக் கொடுக்கும் திகதிக்கும் என்ன தொடர்பு என்று அவருக்குத் தெரியாது. "விரைவில்" என்று எழுதினால் விழா நாளில் கொண்டுவருவார். காரணத்தை எழுதுங்கள்: "மார்ச் 18 புதன் பதாகைகள் அச்சுக்குப் போகின்றன. அதன் பின் கிடைக்கும் அனுசரணைக்கு அறிவிப்பு மட்டுமே செய்ய முடியும்." இது கட்டாயப்படுத்தல் இல்லை, நடைமுறை.

அச்சு மை

இலச்சினை பற்றி ஒரு வரி கூட எழுதுங்கோ. "பெயரும் இலச்சினையும் தாருங்கள்" எண்டா கடைப் பலகையைக் கைபேசியில படம் பிடிச்சு வட்ஸ்அப்பில அனுப்புவினம். வட்ஸ்அப் படத்தைச் சுருக்கிப்போடும். 10 அடியில அடிச்சா சதுரம் சதுரமா உடையும். எங்களட்ட வாறதில பாதி உப்பிடித்தான். "உங்கள் பலகையோ பில் புத்தகமோ அடித்த அச்சகத்தில் உள்ள மூலக் கோப்பைப் பெற்று, படமாக அல்லாமல் ஆவணமாக அனுப்புங்கள்" எண்டு போடுங்கோ. கோப்பு இல்லாதவைக்குப் பெயரை நல்ல எழுத்துருவில அடிக்கலாம். எழுத்து எத்தினை அடியில அடிச்சாலும் உடையாது. கடைப் பெயரைத் தமிழில எப்பிடி எழுதுறது எண்டதையும் எழுதி வாங்குங்கோ. ஸ்ரோர்ஸ், ஸ்டோர்ஸ் எண்டதில ஒரு முறை முழுப் பதாகையையும் திரும்ப அடிச்சனாங்கள்.

கணக்கியல் மாணவன்

பட்டியல் என்றால் பெறுமதி சேர் வரி 18 வீதம் சேர்க்க வேண்டும் அல்லவா? 50,000 என்றால் 59,000 என்று போட வேண்டும். நிறுவனங்கள் வரிப் பட்டியல் கேட்கும்.

பேரேடு

வேண்டாம். 18 வீதம் என்பது சரி, நிறுவனங்கள் கேட்கும் என்பதும் சரி. ஆனால் அந்த வரிக்குப் பதிவு செய்தவர்தான் அதை அறவிடலாம், வரிப் பட்டியல் என்று தலைப்பிடலாம். சனசமூக நிலையம் பதிவு செய்திருக்காது. பதிவில்லாமல் 18 வீதம் சேர்த்து வாங்கினால் அது பெரிய சிக்கல். தலைப்பில் வெறுமனே "பட்டியல்" என்று மட்டும் போடுங்கள். காசு கிடைத்ததும் அதே இலக்கத்தோடு பற்றுச்சீட்டு கொடுங்கள்.

நிறுவனங்களுக்கு வேறு ஒன்று தேவை. பட்டியலில் "அன்பளிப்பு" என்று எழுதினால் அவர்களின் கணக்காளர் அதை ஒரு இடத்தில் போடுவார். "பதாகை விளம்பரம், இரண்டு நாள்" என்று எழுதினால் வேறு இடத்தில் போடுவார். விளம்பரச் செலவென்றால் கணக்காய்வாளர் ஆதாரம் கேட்பார். கட்டின பதாகையை இரண்டு நாளும் படம் எடுத்து, விழா முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் அவருடைய படத்தை அனுப்புங்கள். பட்டியலிலேயே "கட்டிய பதாகையின் படம் அனுப்பப்படும்" என்று எழுதலாம். இரும்புக்கடை ஐயாவுக்கு நடந்த சைக்கிள் மதில் கதைக்கும் இதுதான் மருந்து.

கணக்கியல் மாணவன்

பதிவு விடயம் கவனிக்கவில்லை. நன்றி அக்கா.

இரும்புக்கடை

செய்தி நல்லா இருக்கு தம்பி. ஒரு கேள்வி. பக்கத்தில இன்னொரு இரும்புக்கடையும் தங்கம் எடுத்தா? என்ர பதாகைக்குப் பக்கத்தில அவற்ற பதாகை வந்தா நான் குடுத்த காசில பாதி அவருக்குத்தான் போகும். 50,000 குடுக்கிறவருக்கு அதே தொழிலில வேற ஆள் இல்லை எண்டு எழுதினா நான் நாளைக்கே போடுவன்.

பேரேடு

கேட்பதில் நியாயம் இருக்கிறது ஐயா. ஆனால் ஆறு இடத்துக்கும் அப்படி உறுதி கொடுத்தால் தம்பிக்கு ஊரில் உள்ள கடைகள் போதாமல் போகும். அந்தத் தெருவில் நகைக்கடையும் கைபேசிக் கடையும்தான் அதிகம். வைரத்துக்கு மட்டும் கொடுக்கலாம். தங்கத்துக்கு "ஒரே தொழிலைச் சேர்ந்த இருவரை நடுவரின் ஒரே பக்கத்தில் கட்ட மாட்டோம்" என்று எழுதலாம். இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர்.

இரும்புக்கடை

அது எனக்குக் காணாது. ஆனா யோசிக்கிறன்.

கோண்டாவிலான்

நகைக்கடை எண்டதும் ஞாபகம் வந்தது. ஒரு நகைக்கடை முதலாளி, "என்ர கடைப் பெயருக்குப் பக்கத்தில வெள்ளி எண்டு போட்டால் 20,000ம் தரமாட்டன்" எண்டிட்டார். அவருக்கு அது வியாபாரப் பிரச்சினை, விளங்குது. தெரிவுச் செய்தியில எண் மட்டும் போட்டதால இப்ப சரி. ஆனா அறிவிப்பாளர் எப்பிடிச் சொல்லுறது எண்டு குழுவில ரெண்டு கருத்து. மேடை அனுசரணை, நெடும்பக்க அனுசரணை, எல்லை அனுசரணை எண்டு இடத்தின்ர பெயரால சொல்லலாம் எண்டு நான் சொன்னன். தலைவருக்கு வைரம் எண்ட சொல்லில விருப்பம்.

சந்தையடி

வைரம் எண்டாத்தான் ஒரு லட்சம் குடுக்கிறவருக்குப் பெருமை. அதை எடுத்தா அவர் குடுக்கமாட்டார்.

பேரேடு

சந்தையடி அண்ணை சொல்வதும் உண்மைதான். மேல் ஆளுக்குப் பட்டம் வேண்டும், கீழ் ஆளுக்குப் பட்டம் இடைஞ்சல். வைரத்தை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் பெயர் இல்லாமல் "அனுசரணையாளர்கள்" என்று மட்டும் வாசிக்கலாம். குழு முடிவெடுக்கட்டும். ஆனால் பட்டியலில் எது எழுதினாலும் இடமும் அளவும் மாறக்கூடாது.

கோண்டாவிலான்

டயர் கடைக்காரருக்கு என்ன செய்யிறது? 20,000 போட்டவரிட்ட 50,000 தாங்கோ எண்டு திரும்பக் கேக்கலாமோ?

பேரேடு

மிச்சத்தைக் கேட்டுப் பட்டியல் அனுப்பாதீர்கள். அவர் கட்டியதற்கு 20,000க்கான பட்டியலையும் பற்றுச்சீட்டையும் முதலில் அனுப்புங்கள். அவருடைய இடம் குறும்பக்கத்தில் எது என்று எழுதுங்கள். பிறகு தனிச் செய்தியில் இரண்டே வரி: "நாங்கள் முன்னர் அனுப்பிய செய்தியில் வித்தியாசம் தெளிவாக இல்லை. கமராவுக்கு எதிர்ப்பக்கம் 10×4 அடி இடத்தில் நான்கு மீதி உண்டு. விரும்பினால் மேலும் ரூ. 30,000, மார்ச் 16க்குள்." விரும்பினால் மாறுவார். மாறாவிட்டாலும் அவர் வாங்கியது என்ன என்று அவர் கையில் இருக்கும். மருந்துக்கடைக்கும் இதே மாதிரித்தான்.

அந்த 30,000 விடயத்தில் அவசரப்படாதீர்கள். வைப்பிலிட்ட திகதியையும் கிளையையும் வங்கியில் கேட்டு, அந்த நாளுக்கு முன்பின் நீங்கள் செய்தி அனுப்பிய ஆட்களுக்கு "உங்கள் சிலிப் படத்தை அனுப்புங்கள், பற்றுச்சீட்டு எழுத வேண்டும்" என்று கேளுங்கள். "நீங்கள்தானா போட்டது" என்று எல்லாருக்கும் கேட்டால் போடாதவர் சங்கடப்படுவார்.

கோண்டாவிலான்

ஆளைக் கண்டுபிடிச்சிட்டம் அக்கா. ஒரு தளபாடக் கடை. அவர் சொல்லுறார், இது 50,000இல முதல் பகுதி, மிச்சம் 20,000 ஏப்ரல் 5 திகதியிட்ட காசோலையாத் தாறன் எண்டு. விழா மார்ச் 29இல முடியுது. அவருக்கு நெடும்பக்கம் குடுக்கிறதோ?

பேரேடு

இதுக்கு என்னிடம் ஒரே பதில் இல்லை. கணக்குப் பார்க்கிறவளாகச் சொன்னால், காசோலை மாறும்வரை அது காசு இல்லை. அவர் இப்போது கட்டியிருப்பது 30,000. அதற்கு உங்கள் பட்டியலில் ஒரு வகையும் இல்லை. இப்படி வரும் என்று தெரிந்தால் "மார்ச் 16 அன்று கையில் உள்ள தொகைக்கே இடம் ஒதுக்கப்படும்" என்று எல்லாருக்கும் போகும் பட்டியலில் இப்போதே சேர்த்துவிடுங்கள்.

இரும்புக்கடை

அக்கா சொல்லுறது கணக்குக்குச் சரி. ஆனா யாழ்ப்பாணத்தில வியாபாரம் முழுக்கத் திகதி போட்ட காசோலையிலதான் ஓடுது. அவர் 20 வருசமாக் கடை வச்சிருக்கிறவர் எண்டா குடுங்கோ. மாறாமல் திரும்பினா ஊரில அவருக்குத்தான் பெயர் கெடும்.

கோண்டாவிலான்

ஆறு இடத்தில இன்னும் நாலு இருக்கிறதால இந்த முறை அவருக்குக் குடுக்கிறம். நடுவருக்கு இடப்பக்கம் கடைசி இடம். பட்டியலில "ரூ. 30,000 கிடைத்தது, ரூ. 20,000 ஏப்ரல் 5 காசோலை" எண்டு எழுதி அனுப்பினன். மற்றவைக்குப் போற பட்டியலில அக்கா சொன்ன 16ஆம் திகதி வரியைச் சேத்தாச்சு. மிச்ச 11 கடைக்கும் இண்டைக்குப் பின்னேரம் தெரிவுச் செய்தி போகுது.